‘ஒரு கட்டம்தானே’: ஒப்புக்கொண்ட வேலை பெருகும் விதம்

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சீசன் யாருக்காகவும் காத்திருக்காது. மே மாதம் வரத்து தொடங்கிவிட்டால் ஜூலை வரை எடைமேடையில் வண்டி வரிசை நிற்கும். அதற்குள் செய்து முடிக்க வேண்டிய எந்த வேலைக்கும் தேதி நகராது. தேதி நகராத இடத்தில் வேலை மட்டும் வளர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு அப்படி ஓர் ஆலையின் அலுவலக வேலையை எடுத்துக்கொள்கிறேன். இது ஒரு குறிப்பிட்ட ஆலையின் கதை அல்ல. இந்தத் தொழிலில் வேலை நடக்கும் முறையை வைத்து அமைத்த மாதிரிக் கணக்கு. விலையும் எடையும் நாட்களும் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை.

ஆலையில் கணக்கு எழுதும் ஒரு பெண். ஏப்ரல் மாதம் முதலாளி கூப்பிட்டுச் சொல்கிறார்: “ஏம்மா, இந்த வருஷம் வரத்துக் கணக்கை நோட்டுல எழுத வேண்டாம். எக்செல்லுல போட்டுடு. எடைச்சீட்டைப் பார்த்து ஏத்தினா விவசாயிக்கு எவ்வளவு தரணும்னு வந்துடணும்.” அவளும் கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். தேதி, வண்டி எண், விவசாயி பெயர், ஏற்றிய எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை, கிலோ விலை, தொகை. சாயங்காலம் ஒரு சீட்டு அச்சாக வேண்டும். வழக்கமான கணக்கு வேலைக்கு நடுவே செய்தால் ஆறு நாள் ஆகும் என்கிறாள். மே 10-க்குள் தயார் என்று முடிவாகிறது. இதுதான் ஒப்புக்கொண்ட வேலை.

இதில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்ப்போம். ஏற்றிய எடை 7,480 கிலோ, வெறும் வண்டி 3,180 கிலோ, நிகரம் 4,300 கிலோ. பெங்களூரா, அதாவது கிளிமூக்கு, கிலோ 20 ரூபாய் என்றால் தொகை 86,000 ரூபாய். ஒரு வண்டிக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு தொகை. இந்த ‘ஒரு வண்டிக்கு ஒரு வரி’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் அதன் மேல்தான் நிற்கிறது.

நான்காம் நாள் முதலாளி எட்டிப் பார்க்கிறார். “அப்படியே கழிவுக்கு ஒரு கட்டம் போட்டுடும்மா. சின்ன வேலைதான்.”

கழிவு என்பது அடிபட்டது, அழுகியது, பிஞ்சு இவற்றுக்காக எடையில் குறைப்பது. 4 சதவீதம் என்றால் 4,300 கிலோவில் 172 கிலோ போகும். மீதி 4,128 கிலோவுக்கு 82,560 ரூபாய். கட்டம் சேர்ப்பது உண்மையிலேயே அரை மணி நேர வேலை. முதலாளி சொன்னது பொய் இல்லை. ஆனால் கழிவு எவ்வளவு என்று எடைமேடையில் யாருக்கும் தெரியாது. வண்டி உள்ளே போய், பழம் இறக்கி, தரம் பார்ப்பவர் பிரித்துப் பார்த்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் சொல்லுவார். அதுவரை அந்த வரி அரைகுறையாக நிற்க வேண்டும். எடை ஏறிவிட்டது, கழிவு வரவில்லை என்று தெரிய வேண்டும். கழிவு வராத வரிக்குச் சீட்டு அச்சாகக் கூடாது. தரம் பார்ப்பவர் சொல்லும் எண்ணை யார் ஏற்றுவது, அவர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவாரா, அந்தச் சீட்டில் வண்டி எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் முடிவெடுக்க வேண்டும். அரை மணி நேரக் கட்டம் ஒன்றரை நாள் வேலையாகிவிட்டது. அதில் பெரும்பகுதி கணினிக்கு வெளியே, ஆட்களோடு பேசிய நேரம்.

ஒரு சேர்க்கையின் செலவு அதைச் செய்வதில் இருப்பதைவிட, ஏற்கெனவே செய்ததோடு அதை இணைப்பதில்தான் அதிகம் இருக்கிறது. கட்டம் கண்ணுக்குத் தெரியும், இணைப்பு தெரியாது. முதலாளி திரையைப் பார்க்கிறார். எட்டுக் கட்டம் இருக்கிற இடத்தில் ஒன்பதாவது வந்தால் அவருக்கு அது சின்னதாகத்தான் படும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கழிவை நான் வீண் வேலைப் பெருக்கம் என்று சொல்ல மாட்டேன். கழிவு இல்லாத தொகை தப்பான தொகை. அந்தச் சீட்டை வைத்து யாருக்கும் பணம் தர முடியாது. அது முதல் நாள் பேச்சிலேயே வந்திருக்க வேண்டும். முதலாளி சொல்ல மறந்தார், அவளும் கேட்க மறந்தாள். இப்படி விட்டுப்போனதைச் சேர்ப்பது வேறு, புதிதாக ஒன்றைக் கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘வேலையைக் கூட்டிக்கொண்டே போகிறார்’ என்று புலம்பினால் நியாயம் நம் பக்கம் நிற்காது. இது இல்லாமல் முதலில் கேட்ட வேலை பயன்படுமா என்று பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். பயன்படாது என்றால் அது விட்டுப்போனது. செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதற்கும் ஒன்றரை நாள் ஆகத்தான் செய்யும். அந்த நாளை அன்றைக்கே சொல்லாமல், ராத்திரி உட்கார்ந்து முடித்துக் கொடுத்ததுதான் அவளுடைய முதல் சறுக்கல். ஒன்றரை நாள் வேலை முதலாளியின் கண்ணில் அரை மணி நேர வேலையாகவே பதிந்துவிட்டது. அடுத்த முறை அவர் அந்த அளவுகோலை வைத்துத்தான் கேட்பார்.

அடுத்தது வந்தது. “சில வண்டியில பெங்களூராவும் செந்தூராவும் கலந்து வரும். ரெண்டுக்கும் வேற வேற விலை. அதையும் பிரிச்சுக் காட்டிடு. இன்னொரு விலைக் கட்டம், அவ்வளவுதான்.”

கேட்கும்போது கழிவைவிடச் சின்னதாகத் தோன்றும் இது அடித்தளத்தையே பெயர்க்கும். ஒரு வண்டிக்கு ஒரு வரி என்று கட்டியதெல்லாம் இனி ஒரு வண்டிக்கு, ஒரு வகைக்கு ஒரு வரி என்று மாற வேண்டும். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் இரண்டு வரி வரும். சாயங்காலம் எத்தனை வண்டி வந்தது என்று எண்ணினால் கலந்து வந்த வண்டியெல்லாம் இரண்டாக எண்ணப்படும். சீட்டின் அமைப்பு மாறும். அவள் ஒன்றரை நாள் போட்டுச் செய்த கழிவையும் மறுபடி செய்ய வேண்டும். ஏனென்றால் செந்தூராவில் 2 சதவீதமும் பெங்களூராவில் 5 சதவீதமும் கழிவு வரலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் எடைமேடையில் இருக்கிறது. எடைமேடை வண்டியின் மொத்த எடையைத்தான் தரும், வகை பிரித்துத் தராது. வண்டியில் 200 கிரேட் பெட்டி இருந்து அதில் 50 கிரேட் செந்தூரா என்றால், கிரேட் கணக்கில் பிரித்து 4,300-ல் கால் பங்கு, அதாவது 1,075 கிலோ செந்தூரா என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் செந்தூரா கிரேட் ஒவ்வொன்றிலும் சராசரியைவிட 2 கிலோ கூட இருந்தால்? 100 கிலோ செந்தூரா பெங்களூரா கணக்கில் போய்விடும். செந்தூராவுக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் கூட என்றால் விவசாயிக்கு ஒரு வண்டியில் 1,000 ரூபாய் நட்டம். அவர் கேள்வி கேட்பார், கேட்க வேண்டியதுதான். ஆகவே கிரேட் கணக்கில் பிரிப்பதா, செந்தூராவைத் தனியாக இறக்கிச் சின்னத் தராசில் எடை போடுவதா என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். அது கணக்கு எழுதும் பெண் எடுக்கிற முடிவே அல்ல. விலைக் கொள்கை, ஆள்கூலி, இறக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. முதலாளி எடுக்க வேண்டிய முடிவு, ‘இன்னொரு கட்டம்’ என்ற பெயரில் அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

வேலை இப்படி வளர்வதில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். கூடுதல் நேரத்தைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். கூடவே பொறுப்பும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடுகிறது. நாளைக்கு ஒரு விவசாயி வந்து எடை தப்பு என்று சண்டை போட்டால், “கம்ப்யூட்டர்ல போட்டது அந்தப் பொண்ணுதான்” என்பார்கள்.

மூன்றாவதாக, முன்பணம். சீசனுக்கு முன்பே மண்டிக்காரர் வழியாக அட்வான்ஸ் போயிருக்கும், அதை ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும், மண்டிக்காரரின் கமிஷனையும் பிடிக்க வேண்டும். இதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அதுவரை ஒவ்வொரு வரியும் தனித்தனி. ஒரு வரியில் தப்பு இருந்தால் அந்த வரியைத் திருத்தினால் முடிந்தது. பாக்கி என்று ஒன்று வந்ததும் வரிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. மே 12-ல் ஒரு எடையைத் திருத்தினால் அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு அச்சான எல்லாச் சீட்டும் தப்பாகிவிடும். வரத்துப் பட்டியலாக ஆரம்பித்தது பேரேடாகிவிட்டது. பேரேடு வேண்டுமென்றால் முதலிலேயே பேரேடாகத் திட்டமிட்டிருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இருக்கும் கணக்கு மென்பொருளில் வைத்திருக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். ஒப்புக்கொண்டது ஆறு நாள். கழிவுக்கு ஒன்றரை நாள், வகைக்கு நான்கு நாள், முன்பணத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் சேர்ந்தது மட்டும் பத்தரை நாள். ஒப்புக்கொண்டதைவிடச் சேர்ந்தது பெரியது. ஆனால் முதலாளியின் நினைவில் மூன்று முறை ‘சின்ன வேலை’ சொன்னதுதான் இருக்கும். மே 10-ஆம் தேதி அவர் “ஆறு நாள் வேலையை ஒரு மாசமா செய்யறாளே” என்று நினைத்தால் அவருக்குத் தெரிந்த அளவில் அது நியாயமான நினைப்பு. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கேட்பதை, அன்றைக்கு இருக்கும் முழு வேலையோடு ஒப்பிடுகிறார், முதல் நாள் பேசியதோடு ஒப்பிடுவதில்லை. வேலை வளர வளர, அதன் பக்கத்தில் வைக்கும் எதுவும் இன்னும் சின்னதாகத் தெரியும்.

‘சின்னது’ என்ற சொல்லுக்கு வேறொரு வேலையும் உண்டு. பெரிய வேலை என்று ஒப்புக்கொண்டால் நாள் தர வேண்டும், ஆள் தர வேண்டும், காசு தர வேண்டும். சின்னது என்றால் எதுவும் தர வேண்டாம். அதை முதலாளி கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, வாயில் தானாக வரும். எதிரே இருப்பவர் “சரி சார்” என்றதும் விலை பூஜ்யம் என்று முடிவாகிவிடுகிறது.

சரி, அளவைச் சொல்வது எப்படி? ‘இது பெரிய வேலை சார்’ என்பதால் பயன் இல்லை. அவர் சின்னது என்பார், இவள் பெரியது என்பாள், மாதச் சம்பளம் தருபவர் சொல்தான் நிற்கும். அதற்குப் பதிலாக அந்தச் சேர்க்கை எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றிய பழைய வரிகளைத் திரும்பத் தொட வேண்டியிருக்கிறதா? வேறு யாராவது தினமும் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டுமா, தரம் பார்ப்பவர் எண் எழுதித் தருவதைப் போல? ஆலைக்கு வெளியே போகும் காகிதம் மாறுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் முதலாளி சொன்னது சரி, சின்ன வேலைதான். முகம் சுளிக்காமல் செய்துகொடுத்துவிடலாம். விவசாயியின் ஊர்ப் பெயருக்கு ஒரு கட்டம் கேட்டால், அதைப் புதிதாக வரும் வண்டிகளுக்கு மட்டும் ஏற்றினால் போதும் என்றால், அதற்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது. ஒன்றுக்காவது ஆம் என்றால் வேலை வளர்கிறது. அதை அன்றைக்கே சொல்ல வேண்டும்.

சொல்லும் முறை இப்படி இருக்கலாம்: “செஞ்சிடலாம் சார். வகை பிரிச்சா மே 10 முடியாது, 14 ஆகும். 10-ஆம் தேதியே வேணும்னா அட்வான்ஸ் கணக்கு இந்த சீசன் நோட்டுலயே இருக்கட்டும். அப்புறம், கலந்து வர்ற லோடுக்கு எடையை எப்படிப் பிரிக்கிறதுன்னு நீங்க சொல்லணும்.” இதில் மறுப்பு எங்கும் இல்லை. முடியுமா முடியாதா என்ற பேச்சு போய், எது முதலில் என்ற பேச்சு வருகிறது. அந்த முடிவு எடுக்க வேண்டியவரிடமே திரும்பிப் போகிறது. பேசிய பிறகு அதையே நான்கு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும், அன்றைக்கே. மூன்று வாரம் கழித்து அனுப்பினால் அது சண்டைக்கான சாட்சியாகத் தெரியும், அன்றைக்கே அனுப்பினால் வேலைக் குறிப்பாகத் தெரியும்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஊராட்சி வேலை, பொதுப்பணி வேலை எடுத்துச் செய்பவர்கள் ‘எம் புக்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அளவுப் புத்தகம். செய்த வேலையை அளந்து அதில் எழுதினால்தான் பில் ஆகும். மதிப்பீட்டில் இல்லாத வேலை வந்தால் அது கூடுதல் வேலையாகத் தனியாகக் காட்டப்பட்டு ஒப்புதல் வாங்கப்பட வேண்டும். அந்த நடைமுறையில் தாமதம் உண்டு, தொல்லைகள் உண்டு. ஆனால் மதிப்பீட்டில் இருந்தது எது, பிறகு சேர்ந்தது எது என்ற கோடு அழியாமல் இருக்கும். அலுவலக வேலையில் அந்தக் கோட்டை யாரும் போட்டுத் தருவதில்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு இன்னொருவருக்காக ஒரு வேலையைச் செய்கிறார், அதை இனாமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார் என்றால், பலன் பெற்றவர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது அது. இதை உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்ன வழக்கில், மேற்கு வங்க அரசுக்கு எதிராக நின்றது பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற ஒப்பந்ததார நிறுவனம். தீர்ப்பு 1962 சட்டத் தொகுப்பில் இருக்கிறது. குடிமைப் பொருள் துறைக்காகத் தற்காலிகக் கிடங்குகள் கட்டச் சொன்னார்கள். பிறகு ஆரம்பாக் என்ற ஊரில் மண் சாலை, காவலர் அறை, அலுவலகம், சமையலறை, எழுத்தர்களுக்கு அறை என்று கேட்டார்கள். எல்லாம் கட்டி முடிந்து துறை பயன்படுத்தவும் தொடங்கியது. பணம் கேட்டபோது, முறைப்படி ஒப்பந்தம் இல்லை என்றது அரசு. ஒப்பந்தம் செல்லாது போனாலும், கட்டியதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தியதால் ஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் பிரிவு 70-ஐ வைத்துச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே வக்கீலைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்த மூன்று நிபந்தனைகளில் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள்: இனாமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் இருக்க வேண்டும். ‘சின்ன வேலைதானே’ என்று கேட்டு, ‘பரவாயில்லை சார்’ என்று செய்துகொடுத்தால் அந்த இடமே ஆட்டம் காணும். வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் தொகை சொல்லாவிட்டாலும் “இது தனி பில் சார்” என்று ஒரு வரி எழுதி வைப்பது அதற்குத்தான். மாதச் சம்பளக்காரருக்கு இந்தப் பிரிவு பெரிதாகக் கைகொடுக்காது. அவருடைய வேலைக்குத் தனி பில் கிடையாது. அவர் கையில் பேசுவதற்கு இருப்பது இரண்டுதான்: தேதி, மற்ற வேலைகளின் வரிசை.

நம் கணக்குப் பெண்ணுக்கு நான்காவதாக ஒன்று வந்தது. ஏற்றுமதி வாங்குபவர் கேட்கிறாராம், எந்த டிரம்மில் எந்த லோடுப் பழம் போனது என்று. “டிரம் நம்பருக்கு ஒரு கட்டம் போட்டுடு.” முந்தைய மூன்றும் சேர்ந்தாலும் இதன் அளவு வராது. பெங்களூரா காயாக வந்து இறங்கும், சில நாள் பழுக்க வைத்த பிறகுதான் கூழுக்குப் போகும். பழுக்க வைக்கும் கொட்டகையில் பல லோடு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கூழாகி டிரம்மில் அடைக்கும்போது ஒரு டிரம்மில் நான்கைந்து லோடு கலந்திருக்கும், ஒரு லோடு பல டிரம்முக்குப் போயிருக்கும். கொட்டகையில் யாரும் குறித்து வைக்காத ஒன்றை அலுவலகத்தில் ஒரு கட்டம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும், அல்லது யாராவது குத்துமதிப்பாக நிரப்புவார்கள். குத்துமதிப்பாக நிரப்பிய தடம், தடமே இல்லாததைவிட ஆபத்து. ஒரு டிரம்மில் பிரச்சினை வந்து சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தால் தப்பான டிரம்மைத் தேடிக்கொண்டிருப்போம்.

இந்த முறை அவள் கட்டம் போடவில்லை. முதலாளியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஒரு வரிசையைக் காட்டி, “இது எந்த வண்டி சார்?” என்று கேட்டாள். மேஸ்திரிக்கும் தெரியவில்லை. சின்ன வேலையா பெரிய வேலையா என்ற பேச்சு அங்கே எழவே இல்லை. அந்த சீசனுக்கு வரிசைக்கு ஒரு பலகை வைத்து, இறங்கிய தேதியையும் லோடு எண்ணையும் சாக்பீஸில் எழுதுவது, பழம் உள்ளே போகும்போது ஷிப்ட் மேஸ்திரி அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது என்று முடிவானது. அந்த நோட்டு ஒழுங்காக நிரம்புகிறதா என்று ஒரு மாதம் பார்த்த பிறகு கணினியில் ஏற்றுவதைப் பேசிக்கொள்ளலாம் என்று முதலாளியே சொன்னார். முன்பணக் கணக்கும் அந்த வருடம் நோட்டிலேயே இருந்தது. எடைச்சீட்டும் கழிவும் வகையும் மே 14-ல் தயாரானது. அதற்குள் வந்த நான்கு நாள் வண்டிகளை நோட்டில் எழுதி, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றினார்கள். அந்த ஞாயிறுக்கு அவளுக்கு மாற்று விடுப்பு உண்டு என்று வாட்ஸ்அப்பில் முன்பே எழுதியிருந்தது.